வெயிலும் முட்டைக் கோழியும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். கொட்டகைக் காற்று 30 டிகிரியைத் தாண்டினால் அது அலகைத் திறந்து இளைக்கத் தொடங்குகிறது. மூச்சோடு நீராவியை வெளியேற்றி உடலைக் குளிரச் செய்யும் வழி அது. ஆனால் இளைக்கும்போது குருதியிலுள்ள கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அந்தக் கார்பனேட்டுக்கு மூலப்பொருள் இந்த வாயுவே. ஆகவே ஓடு மெலிகிறது. வெயிலில் கோழி தீனியையும் குறைத்துக்கொள்வதால் கால்சியமும் போதாமற் போகிறது.

நமது பல்கலைக்கழகத்துக்கு அருகே ஓர் அம்மையார் 200 வெள்ளை லெக்ஹார்ன் கோழிகளை ஆழ்கூளத்தில் வளர்த்து வருகிறார். சென்ற மே மாதம் அங்கே போயிருந்தேன். நாளொன்றுக்கு 165 முட்டை தந்த கொட்டகை அப்போது 130 தான் தந்தது. அவற்றிலும் பன்னிரண்டு, பதின்மூன்று கீறல் விழுந்தவை. தீனிச் செலவு போக ஒன்றும் மிஞ்சவில்லை. கோழிகளை விற்றுவிடலாமா என்று அவர் என்னைக் கேட்டார்.

முதலில் தீனியை நிறுத்துப் பார்த்தோம். கோழிக்கு 110 கிராம் செல்ல வேண்டிய இடத்தில் 85 கிராமே சென்றது. தீனியில் கால்சியம் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. அப்படியானால் முன்பு 3.85 கிராம் கிடைத்த கால்சியம் இப்போது 3 கிராமுக்கும் குறைவு. நோய் ஏதும் இல்லை. குறை இக்கணக்கில்தான் இருந்தது.

அடுத்து, தீனி வைக்கும் நேரம். உண்ட உணவு செரிக்கும்போது எழும் வெப்பம் சில மணி நேரம் கழித்தே உச்சத்தை அடைகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குத் தின்றது பிற்பகல் வெயிலோடு சேர்ந்துகொள்ளும். எனவே விடியற்காலை 4 மணிக்கு விளக்கேற்றி 8 மணி வரையிலும், மாலை 5 முதல் 8 வரையிலும் தீனி வைத்தோம். இடையில் தொட்டிகளை உயரே தூக்கிவிட்டோம். ஓடு பெரும்பாலும் இரவில்தான் படிகிறது. அதனால் கோழிக்கு 3 கிராம் வீதம் 600 கிராம் கிளிஞ்சல் துண்டுகளை மாலையில் தனியே வைத்தோம். மாவாக அரைத்தது விரைவில் கரைந்து போகும். துண்டுகளோ இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். இழந்த கார்பனேட்டை ஓரளவு ஈடு செய்யக் கிலோ தீனிக்கு 3 கிராம் சோடா உப்பு கலந்து, சாதாரண உப்பைச் சற்றுக் குறைத்தோம். புண்ணாக்கை மட்டும் கூட்டவில்லை. மிகுதிப் புரதம் செரிக்கையில் மேலும் சூடு எழுப்பும்.

பெரிய பிழை தண்ணீரில் இருந்தது. கூரைமேல் வெயிலில் நின்ற தொட்டியின் நீர் பிற்பகல் 2 மணிக்கு 39 டிகிரி காட்டியது. அத்தகைய நீரைக் கோழி நாடுவதில்லை. மிதமான நாளில் 200 கோழிகள் 45 லிட்டரளவு குடிக்கும். கடும் வெயிலில் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். தொட்டியை மரநிழலுக்கு இறக்கி ஈரக் கோணி சுற்றினோம். 11, 1, 3 மணிகளுக்குப் பழைய நீரைக் கொட்டிவிட்டு மண் தாழிகளில் புதுநீர் நிரப்பினோம்.

கொட்டகையின் தகரக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து மேலே வைக்கோல் பரப்பினோம். தரையிலுள்ள கூளத்தை இரண்டங்குலமாகக் குறைத்தோம். மேற்குப் பக்கம் கோணித் திரை கட்டி நனைத்தோம். அனல் காற்று 41 டிகிரிக்கு மேல் வீசும்போது வெறும் விசிறி தீமையே செய்யும். கோழியின் உடலைவிடச் சூடான காற்றை அதன்மேல் வீசுவதாகும் அது. ஈரத் திரை வழியே வந்தால்தான் அக்காற்று பயன்படும்.

பத்து நாளில் கீறல் முட்டைகள் நாலைந்தாகக் குறைந்தன. எண்ணிக்கை உயர மூன்று வாரம் ஆயிற்று. 150 வரை வந்தது, 165 ஆகவில்லை. எனினும் கோழிகளை விற்கும் பேச்சு நின்றது.

ஓர் எச்சரிக்கை. ஈரத் திரை வறண்ட வெயிலுக்கே மருந்து. இரண்டு வெப்பமானிகளைக் கட்டி, ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றி வையுங்கள். மே மாதத்தில் உலர்ந்தது 42, ஈரமானது 23 காட்டினால் நீர் நன்கு ஆவியாகிறது என்று பொருள். மழைக்காலம் தொடங்கி 33க்கும் 30க்குமாக இடைவெளி மூன்று டிகிரியாகச் சுருங்கிவிட்டால், நனைத்த கோணி புழுக்கத்தையே கூட்டும். அன்றே திரைகளை அவிழ்த்து, பக்கங்களைத் திறந்து, விசிறியை ஓடவிட வேண்டும்.