மூச்சு வரைந்த கோடு: ஆஸ்துமாவா, எம்ஃபைசீமாவா?

மேல்நிலை வகுப்பு விலங்கியலில் சுவாசக் கோளாறுகள் என்ற பகுதியில் ஆஸ்துமாவும் எம்ஃபைசீமாவும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டிலும் மூச்சு வாங்கும், இரண்டிலும் காற்றை வெளியே விடுவதுதான் சிரமம். மாணவர்கள் இரண்டையும் மாற்றி எழுதுவதில் வியப்பில்லை. என் வீட்டில் நானே பல ஆண்டுகள் அப்படித்தான் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு உண்டு. என் அப்பாவுக்கு அறுபது வயதைத் தாண்டிய பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள் பீடி குடித்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் அதைப் பரம்பரை இளைப்பு என்றே முடிவு செய்துவிட்டோம். என்னுடைய நீலநிற இன்ஹேலரையே அவரும் எடுத்துக்கொள்வார். "உனக்குக் கேட்குது, எனக்கு மட்டும் ஏம்மா கேட்கமாட்டேங்குது?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் இருவரும் ஒன்றாக நுரையீரல் மருத்துவரிடம் சென்று ஊதிப் பார்த்தோம். கையில் கிடைத்த இரண்டு தாள்கள்தான் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லின.

தாளில் என்ன இருக்கிறது?

இந்தச் சோதனையின் பெயர் ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்து, முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்து, ஒரே வேகத்தில் வெடிப்பதுபோல் வெளியே ஊத வேண்டும். நுரையீரல் காலியாகும்வரை நிறுத்தக் கூடாது. அச்சாகி வரும் தாளில் பல வரிசை எண்கள் இருக்கும். நமக்கு மூன்று போதும். FVC என்பது அந்த ஒரே ஊதலில் வெளியேறிய மொத்தக் காற்று. FEV1 என்பது அதில் முதல் ஒரு நொடியில் வெளியேறியது. மூன்றாவது, இவ்விரண்டின் விகிதம்.

விகிதம் ஏன் முக்கியம்? நலமான ஒரு பெரியவர் தம் மொத்தக் காற்றில் நான்கில் மூன்று பங்கையோ அதற்கு மேலோ முதல் நொடியிலேயே வெளியேற்றிவிடுவார். வழி குறுகியிருந்தால் அதே காற்று வெளிவர நேரம் பிடிக்கும். பெரியவர்களுக்கு விகிதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அடைப்பு இருப்பதாகக் கொள்வது வழக்கம். குழந்தைகளுக்கு இந்த 70 பொருந்தாது. அவர்களின் இயல்பான விகிதமே 85 அளவில் இருக்கும். ஆகவே வயது, உயரம், பாலினத்துக்கேற்ற கீழ் எல்லையைத் தாளில் LLN என்ற பத்தியில் பார்க்க வேண்டும்.

எங்கள் தாள்களைப் பார்ப்போம். என் FVC 2.45 லிட்டர், FEV1 1.42 லிட்டர், விகிதம் 58 விழுக்காடு. அப்பாவின் FVC 2.70, FEV1 1.38, விகிதம் 51 விழுக்காடு. முதல் நொடிக் காற்று இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இருவருக்கும் அடைப்பு இருக்கிறது என்பதை மட்டுமே இந்த எண்கள் சொல்கின்றன. எந்த வகை அடைப்பு என்பதற்குப் படத்தைப் பார்க்க வேண்டும்.

கோட்டின் வடிவம்

வரைபடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படத்தின் கிடை அச்சில் நேரம் இல்லை. அதில் இருப்பது வெளியேறிய காற்றின் கொள்ளளவு. செங்குத்து அச்சில் இருப்பது அந்தக் கணத்தில் காற்று பாயும் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை லிட்டர் என்பது. நேர அச்சு இல்லாததால் FEV1-ஐ இந்தக் கோட்டிலிருந்து நேரடியாக அளந்து எடுக்க முடியாது. அதற்குக் கொள்ளளவு, நேரம் கொண்ட இன்னொரு படம் அதே தாளில் இருக்கும்.

நலமானவரின் கோடு விருட்டென்று உச்சிக்கு ஏறி, அங்கிருந்து ஏறக்குறைய நேர்கோடாகச் சரிந்து கிடை அச்சைத் தொடும். ஒரு பக்கம் செங்குத்தான முக்கோணம்போல் இருக்கும்.

என் கோடு உச்சிக்கு ஏறியது. இறங்கும்போது நேராக இறங்காமல், தொட்டில் சேலைபோல் உள்நோக்கித் தொய்ந்திருந்தது. அப்பாவின் கோடு வேறு மாதிரி. ஊசிபோல் ஓர் உச்சி. அரை லிட்டர் காற்றுகூட வெளியேறுமுன் கோடு சட்டென்று செங்குத்தாக விழுந்து, ஒரு மூலை திரும்பி, பிறகு தரையை ஒட்டியபடி நீண்ட வாலாகப் போனது. அவர் 12 நொடி ஊதியும் அந்த வால் முழுதாக முடியவில்லை.

வடிவம் ஏன் மாறுகிறது?

ஆஸ்துமாவில் சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்சுவர் வீங்குகிறது, சளியும் சேர்கிறது. குழலின் சுவர் இருக்கிறது, ஆனால் துளை குறுகிவிட்டது. ஊதலின் தொடக்கத்தில் நுரையீரல் விரிந்திருப்பதால் குழல்களும் ஓரளவு விரிந்திருக்கும். காற்று குறையக் குறைய அவையும் மேலும் குறுகும். அதனால் வேகம் படிப்படியாக, ஆனால் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகக் குறைகிறது. கோடு தொய்வது இதனால்தான்.

எம்ஃபைசீமாவில் கெட்டுப்போவது காற்று நுண்ணறைகளின் சுவர். அந்தச் சுவர்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ரப்பர்போல் சுருங்கிக் காற்றை வெளியே தள்ளுவது ஒன்று. கூடாரத்தை நாலாபுறமும் கயிறு இழுத்துப் பிடிப்பதுபோல், அருகிலுள்ள சிறு குழல்களை இழுத்துத் திறந்து வைப்பது மற்றொன்று. புகை அந்தச் சுவர்களை அரித்துவிட்டால் கயிறுகள் அறுந்த கூடாரம்தான். வேகமாக ஊதும்போது மார்புக்குள் உயரும் அழுத்தம், பிடிமானமற்ற அந்தக் குழல்களையே வெளியிலிருந்து அமுக்கி மூடுகிறது. முதலில் பெரிய குழல்களில் இருந்த காற்று சட்டென்று வெளிவரும். அது ஊசி உச்சி. அடுத்த கணம் குழல்கள் மடங்கிவிடும். அது செங்குத்தான வீழ்ச்சி. இன்னும் பலமாக ஊதினாலும் பயனில்லை.

இதை வகுப்பில் காட்டலாம். குச்சி ஐஸ் அடைத்துவரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கழுவி இருபுறமும் வெட்டினால் ஒரு தொளதொளத்த குழாய் கிடைக்கும். அதை ஊதி விரித்து, தண்ணீரில் வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். பலமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது. அது எம்ஃபைசீமா. பிறகு மெல்லிய உறிஞ்சுகுழலால் உறிஞ்சச் சொல்லுங்கள். மெதுவாக வரும், ஆனால் வரும். அது ஆஸ்துமா. உள்ளே உறிஞ்சுவதும் வெளியே ஊதுவதும் வேறு என்றாலும், குழாய்க்கு வெளியே அழுத்தம் கூடினால் அது மடங்கும் என்ற காரணம் ஒன்றுதான்.

மருந்துக்குப் பின் ஓர் ஊதல்

முதல் ஊதல்கள் முடிந்ததும் சால்பூட்டமால் மருந்தை, வழக்கமாக 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு முறை, உள்ளிழுக்கச் செய்து 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். தாளில் Pre, Post என்ற இரு பத்திகள் வருவது இதனால்தான். இந்த மருந்து இறுகிய தசையைத் தளர்த்தும்.

எனக்கு FEV1 1.42-இலிருந்து 1.86 ஆனது. 440 மில்லி கூடுதல், 31 விழுக்காடு உயர்வு. விகிதமும் 72-க்கு வந்தது. தொய்ந்த கோட்டின் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. அப்பாவுக்கு 1.38-இலிருந்து 1.43. வெறும் 50 மில்லி. இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. 200 மில்லியும் 12 விழுக்காடும் சேர்ந்து உயர்ந்தால் மருந்துக்கு இசைந்தது என்பது நெடுநாள் பின்பற்றப்பட்ட அளவுகோல். 2021-க்குப் பிந்தைய புதிய விதியில், எதிர்பார்க்கப்படும் அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர வேண்டும். என் தாள் இரண்டிலும் தேறியது, அப்பாவின் தாள் ஒன்றிலும் தேறவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. மருந்து தசையைத் தளர்த்தும். அறுந்த கயிற்றைக் கட்டாது.

தாள் ஏமாற்றும் இடங்கள்

ஊதியது சரியாக இல்லையென்றால் கோடும் பொய் சொல்லும். அப்பா முதல் முறை 3 நொடியில் நிறுத்திவிட்டார். FVC 2.05 என்றும், FEV1 1.36 என்றும் வந்தது. விகிதம் 66. மொத்தக் காற்று குறைவாகப் பதிவானதால் நோய் லேசானதுபோல் தெரிந்தது. கோடு தரையைத் தொடுமுன் திடீரென வெட்டுப்பட்டிருந்ததை வைத்து அங்கிருந்த பணியாளர் பிடித்துவிட்டார். நடுவில் இருமினால் கோட்டில் பல் விழும். தயங்கி ஊதினால் உச்சி மழுங்கும். அதனால்தான் மூன்று நல்ல ஊதல்கள் கேட்கிறார்கள். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

சரியாக ஊதினாலும் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ஆஸ்துமாவில் குழல் சுவர் தடித்து, மருந்துக்குப் பின்னும் கோடு மாறாமல் போகலாம். எம்ஃபைசீமா உள்ளவரிலும் சிலருக்கு மருந்தால் ஓரளவு உயர்வு வரும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஐயம் இருந்தால் வாயுப் பரிமாற்றச் சோதனை செய்வார்கள். மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து 10 நொடி அடக்கி, எவ்வளவு இரத்தத்துக்குள் சென்றது என்று அளப்பது அது. நுண்ணறைச் சுவர் அழிந்த எம்ஃபைசீமாவில் அது குறையும், ஆஸ்துமாவில் பெரும்பாலும் குறையாது. அப்பாவுக்கு மருத்துவர் சிடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்.

நம் வகுப்பறைக்கு மிக நெருக்கமான எல்லை இன்னொன்று. ஆஸ்துமா வந்து போகும் நோய். இளைப்பு இல்லாத நாளில் ஊதினால் தாள் முழுக்க இயல்பாகவே இருக்கும். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடும்போதெல்லாம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அவள் அம்மா கொண்டுவந்த தாளில் எல்லா எண்களும் இயல்பு. "ஒன்றுமில்லை, விளையாட்டு வகுப்புக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள்" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும் மறுத்துப் பேசவில்லை. பிறகு ஓடச் செய்து ஊதவைத்தபோது அவளுடைய FEV1 தெளிவாக இறங்கியது. இயல்பான தாள் அன்றைய மூச்சு இயல்பு என்று மட்டுமே சொல்கிறது.

அப்பா பீடியை விட்டுவிட்டார். இழந்த நுண்ணறைகள் திரும்பி வரா, ஆனால் இழப்பின் வேகம் குறையும் என்று மருத்துவர் சொன்னார். நாள்முழுதும் வேலை செய்யும் வேறு இன்ஹேலரும் தந்தார். மாடிப்படி ஏறும்போது உதட்டைக் குவித்து மெதுவாக ஊத இப்போது கற்றுக்கொண்டிருக்கிறார். குவித்த உதடு உள்ளே சிறிது அழுத்தத்தைத் தேக்கி, தொளதொளத்த குழல்கள் மடங்காமல் தாங்குகிறது. என் நீல இன்ஹேலரை இப்போது அவர் கேட்பதில்லை.