உதவி கேட்கும் முன் எழுத வேண்டிய கணக்கு

ஊரில் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே பித்தநாள அடைப்பு. பிறந்த இரண்டாம் மாதத்தில் செய்த கசாய் அறுவை சிகிச்சை பலன் தரவில்லை. மஞ்சள் காமாலை இறங்கவில்லை, வயிறு வீங்குகிறது, கல்லீரலை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருகிறார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். பணம் திரட்ட நீங்கள் நாலைந்து பேர் கூடியிருக்கிறீர்கள். இப்படியொரு குழந்தையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கீழே வரும் தொகைகள் கணக்கை விளங்கவைக்க நான் போட்டவை. உங்கள் தொகைகளை உங்கள் ஆஸ்பத்திரிதான் சொல்ல வேண்டும்.

1. எஸ்டிமேட்டை வாய்வழியாக வாங்காதீர்கள். ஆஸ்பத்திரியின் கடிதத்தாளில், தேதியும் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். குழந்தை, அப்பா இருவரின் அறுவை சிகிச்சையும் இதில் அடக்கமா? இது இரண்டு நோயாளிகள், இரண்டு ஆபரேஷன் தியேட்டர், இரண்டு படுக்கை. அப்பாவின் பரிசோதனைகள் பல இடங்களில் தனி பில்லாகத்தான் வரும். அடுத்து, இந்தத் தொகை எத்தனை நாள் தங்குவதற்கு? 21 நாள் என்று போட்டிருந்தால் 22ஆம் நாளிலிருந்து ஐசியூவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு, அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசியாக, ரத்தமும் விலை கூடிய மருந்துகளும் உள்ளேயா வெளியேயா? பட்ஜெட் குறிப்பு பின்னால் பொய்த்துப்போவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். யாரும் ஏமாற்றுவதால் அல்ல, கேட்காமல் விட்டதால்.

2. செலவை ஆறே வரியில் எழுதுங்கள். நம் குழந்தைக்கு அது இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

குழந்தைக்கும் அப்பாவுக்கும் முன்பரிசோதனைகள்: 1,50,000
மாற்று அறுவை சிகிச்சை, இருவருக்கும், 21 நாள்: 18,00,000
சிக்கல் வந்தால் கூடுதலாக 10 நாள் ஐசியூ: 2,50,000
ஆஸ்பத்திரி அருகே மூன்று மாத வாடகை, சாப்பாடு, போக்குவரத்து: 81,000
முதல் வருட மருந்தும் ரத்தப் பரிசோதனையும்: 1,44,000
அப்பாவுக்கு மூன்று மாத வருமான இழப்பு: 54,000
மொத்தம்: 24,79,000

மூன்றாவது வரியைத் தனியாகவே காட்டுங்கள். இரண்டாவது வரியோடு சேர்த்து 20,50,000 என்று எழுதினால் அந்த இரண்டரை லட்சம் நிச்சயச் செலவு போலத் தெரியும். அது செலவாகாமல் நின்றுவிட்டால் அதைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றாது. பக்கத்தில் ‘தேவைப்படாவிட்டால் மீதத்தில் சேரும்’ என்று எழுதிவிடுங்கள்.

ஐந்தாவது வரி பல வேண்டுகோள்களில் இருப்பதே இல்லை. மாற்றிய கல்லீரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்தை ஆண்டுக்கணக்கில், அநேகமாக வாழ்நாள் முழுக்க, எடுக்க வேண்டும். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மட்டும் திரட்டிவிட்டு, ஆறாம் மாதத்தில் மருந்து வாங்கக் காசில்லாமல் ஒரு குடும்பம் நிற்குமானால் அது நாம் எழுதிய குறிப்பின் குறை.

ஆறாவது வரியை எழுதச் சிலர் கூச்சப்படுவார்கள். கூச்சம் வேண்டாம். உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். ஆனால் உறுப்பு தருகிறவருக்கு அதனால் நேரடியாக ஏற்படும் செலவையும் வருமான இழப்பையும் நியாயமான அளவில் ஈடுகட்டுவதை அந்தச் சட்டமே விலையாகக் கருதுவதில்லை. மாதம் 18,000, மூன்று மாதம் என்று கணக்கைக் காட்டி எழுதுங்கள். ‘குடும்பச் செலவு’ என்று மூடி எழுதினால்தான் ஊர் பேசும்.

3. கையில் இருப்பதைக் கழித்த பிறகே கேளுங்கள். நகையை அடகு வைத்ததில் குடும்பத்தின் பங்கு 2,00,000. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, பிரதமரின் தேசிய நிவாரண நிதி ஆகியவற்றிலிருந்து ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தது 6,00,000 என்று கொள்வோம். 24,79,000இல் 8,00,000 போக, ஊரிடம் கேட்பது 16,79,000. அதை 17 லட்சம் என்றோ 20 லட்சம் என்றோ முழுமையாக்காதீர்கள். முழு எண்ணைப் பார்த்தால் ‘உத்தேசம் போலிருக்கிறது’ என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். 16,79,000 என்று பார்த்தால் மேலே போய் ஆறு வரியையும் கூட்டிப் பார்ப்பார். அப்படி அவர் கூட்டிப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பே.

விண்ணப்பித்து இன்னும் ஒப்புதல் வராத உதவியைக் கழிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ‘விண்ணப்பித்திருக்கிறோம். வந்தால் கேட்கும் தொகை அந்த அளவு குறையும்’ என்று கீழே ஒரு வரி போதும். முடிந்தால் இந்த விண்ணப்பங்களை ஊரில் கேட்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதை அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

4. பணம் ஒரே ஆளின் யுபிஐ எண்ணுக்குப் போகக்கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே நேராகச் செலுத்த வழியிருந்தால் பெரிய தொகைகள் அங்கே போகட்டும், ரசீதின் நகல் உங்களுக்கு வரட்டும். மருந்து, வாடகை போன்றவற்றுக்கு மட்டும் குழந்தையின் அம்மாவும் உங்களில் இருவரும் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். பணம் எடுக்க மூவரும் கையெழுத்திட வேண்டும் என்று வங்கியில் எழுதிக்கொடுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவருக்குப் பரிசாக வரும் பணத்தை வருமான வரிச் சட்டம் வருமானமாகப் பார்க்க இடமுண்டு. ஆஸ்பத்திரிக்கு நேராகச் செலுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் ஆடிட்டரை முதலிலேயே பார்த்துவிடுங்கள். தனி ஒரு குழந்தைக்குத் தருகிறவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. அதைச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர், இந்தியக் குடிமகனாக இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவதற்குச் சட்டம் வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.

5. தொகை சேர்ந்ததும் வசூலை நிறுத்துங்கள். துண்டறிக்கையும் வாட்ஸ்அப் செய்தியும் நீங்கள் நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் குறிப்பிலேயே கடைசித் தேதியை எழுதுங்கள். தொகை நிறைந்த அன்று ‘போதும், இனி அனுப்ப வேண்டாம்’ என்று அதே இடங்களில் போடுங்கள். 2021இல் கேரளத்தின் வடபகுதியில், முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய் வந்த ஒரு குழந்தையின் மருந்துக்குச் சுமார் 18 கோடி கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் 46 கோடிக்கு மேல் வந்துவிட்டது. அந்தக் குடும்பம் போதும் என்று அறிவித்தது. கூடுதல் பணம் அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்குப் போகும் என்றார்கள். அதே ஆண்டில் அதே மாநிலத்தில் இன்னொரு குழந்தை, கோடிக்கணக்கில் பணம் சேர்ந்த பிறகு, மருந்து கிடைக்கும் முன்னே இறந்துபோனது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போயிற்று. இப்படித் திரட்டும் நிதிக்கு அரசின் மேற்பார்வை வேண்டும் என்றும் நீதிமன்றம் அப்போது சொன்னது. நம் ஊரில் கோடிகள் வராது. ஆனால் கேள்வி அதேதான் வரும்.

6. மீதத்துக்கான விதியை முதல் ரூபாய் வருவதற்கு முன் எழுதிவிடுங்கள். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். பணம் மிஞ்சிய பிறகு உட்கார்ந்து பேசினால், ‘எங்கள் பிள்ளை பெயரில் வந்தது’ என்று குடும்பமும், ‘ஊர் கொடுத்தது’ என்று நீங்களும் சொல்வீர்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கும், அதனால்தான் தீர்வு கிடைக்காது. கொடுக்கிறவர் எந்த விதியைப் படித்துவிட்டுக் கொடுத்தாரோ அது ஒன்றுதான் இருவரையும் கட்டும். குறிப்பின் அடியில், குழந்தையின் பெற்றோர் கையெழுத்தோடு, இப்படி எழுதலாம்:

‘மீதமிருந்தால், முதலில் இக்குழந்தையின் இரண்டாம், மூன்றாம் வருட மருந்துக்கு மாதம் 8,000 வீதம் ஒதுக்கப்படும். அதற்கு மேல் உள்ளது அதே ஆஸ்பத்திரியில் கல்லீரல் மாற்றத்துக்குக் காத்திருக்கும் வேறொரு குழந்தையின் பில்லுக்கு ஆஸ்பத்திரி பெயரில் காசோலையாகத் தரப்படும். 25,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்கள் கணக்கு வெளியான 15 நாளுக்குள் கேட்டால், மீதத்தில் அவர்கள் பங்கு திருப்பித் தரப்படும்.’

இனி இப்படி நடந்தது என்று வைத்துக்கொள்வோம். வசூலை நிறுத்துவதற்குள் 18,20,000 வந்துவிட்டது. குழந்தை 18ஆம் நாள் டிஸ்சார்ஜ் ஆனது, கூடுதல் ஐசியூ தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி ஒரு லட்சம் குறைத்து 17,00,000 வாங்கியது. பரிசோதனைகளுக்கு 1,43,000 ஆயிற்று, தங்கும் செலவு கூடி 88,000 ஆயிற்று. வருமான இழப்பு 54,000, முதல் வருட மருந்துக்கு ஒதுக்கியது 1,44,000. மொத்தச் செலவு 21,29,000. வரவு, குடும்பமும் அரசும் தந்த 8,00,000 சேர்த்து, 26,20,000. மீதம் 4,91,000.

இங்கே நின்றுவிடாமல் மீதம் எங்கிருந்து வந்தது என்றும் காட்டுங்கள். கேட்டதற்கு மேல் வந்தது 1,41,000, தொடாத ஐசியூ ஒதுக்கீடு 2,50,000, ஆஸ்பத்திரி குறைத்தது 1,00,000. பரிசோதனையில் மிஞ்சிய 7,000 தங்கும் செலவில் கூடிய 7,000த்துக்குச் சரியாகப் போனது. கூட்டினால் அதே 4,91,000. இப்படி இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண் வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் ஏதோ ஒரு பில் விடுபட்டிருக்கிறது, வெளியிடும் முன் தேடுங்கள். அரசு நிவாரணத்தில் செலவாகாத பகுதி ஏதாவது இருந்தால் அதை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பும். அது உங்கள் மீதத்தில் சேராது.

விதிப்படி 24 மாத மருந்துக்கு 1,92,000 வைப்புத்தொகையாகக் கூட்டுக் கணக்கிலேயே நிற்கும். யாரும் தங்கள் பங்கைத் திருப்பிக் கேட்காவிட்டால், பாக்கி 2,99,000 அடுத்த குழந்தைக்கு. அந்தக் குழந்தை யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியின் சமூகப்பணித் துறையிடம் விட்டுவிடுங்கள். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குப் போனது என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது.

7. குழந்தை பிழைக்காமல் போனால் என்ன என்பதையும் அதே குறிப்பில் எழுத வேண்டும். எழுதும்போது கை நடுங்கும், பெற்றோரிடம் படித்துக்காட்டுவது அதைவிடக் கடினம். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் ஆஸ்பத்திரி பாக்கி, பிறகு வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு, ஈமச் சடங்கு. அப்பாவின் 54,000த்தில் ஒரு ரூபாயும் குறைக்கக்கூடாது. அவரும் அறுத்துத் தைக்கப்பட்டவர், குழந்தை இல்லாவிட்டாலும் அவருக்கு ஓய்வும் மறுபரிசோதனையும் வேண்டும். அந்தப் பரிசோதனைக்கும் ஒதுக்கிவிட்டு, மருந்துக்கென்று வைத்ததும் மற்ற மீதமும் மேலே சொன்ன விதிப்படி இன்னொரு குழந்தைக்குப் போகும்.

8. கடைசிக் கணக்கை டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள், முதல் குறிப்பில் இருந்த அதே ஆறு வரிகளின் எதிரே, ‘கேட்டது’, ‘செலவானது’ என்று இரண்டு பத்தியாகப் போடுங்கள். பில்களின் நகல்களை ஒரு கோப்பில் வைத்து, யார் வந்து கேட்டாலும் காட்டுங்கள். ஊருக்கு வெளியிடும் தாளில் குழந்தையின் நோயாளி எண், ஆதார், பரிசோதனை முடிவுகள், கொடுத்தவர்களின் வங்கி விவரம் எதுவும் இருக்கக்கூடாது. 100 ரூபாய் கொடுத்தவரின் பெயரும் ஒரு லட்சம் கொடுத்தவரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில், வந்த தேதி வரிசையில் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்றவருக்கு ரசீது எண் போதும். வைப்புத்தொகையிலிருந்து மருந்துக்கு எடுத்த கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்றாம் வருடம் முடியும்வரை போட்டுக்கொண்டே வாருங்கள்.