மிக்ஸி பில்லை வைத்து ஒரு பாடம்

விடுதிக்குக் கிளம்பும் மகனுக்கோ, முதல் சம்பளம் வாங்கிய மகளுக்கோ நுகர்வோர் சட்டத்தை ஒப்பிக்க வேண்டியதில்லை. வீட்டில் அண்மையில் வாங்கிய மிக்ஸியின் பில், வாரன்ட்டி அட்டை, அட்டைப்பெட்டி மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பெரியவர் விளக்கிக்கொண்டே போகாமல் பிள்ளையையே படிக்கச் சொல்ல வேண்டும்.

கையில் இருப்பது பில்தானா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல கடைகளில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். “பில் போட்டால் வரி சேரும்” என்று கடைக்காரர் சொன்னதும் இளைஞர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் கடையின் பெயர்கூட இருக்காது. ஆறு மாதம் கழித்து மிக்ஸி நின்றுபோனால் அங்கே வாங்கியதற்கு அத்தாட்சி கிடையாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை.

அடுத்து கணக்கு. மிக்ஸியின் அடிப்படை விலை ரூ.3,500 என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் அது மத்திய வரி ரூ.315, மாநில வரி ரூ.315 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும், மொத்தம் ரூ.4,130. இதைப் பிள்ளையே கூட்டிப் பார்க்கட்டும். பிறகு அட்டைப்பெட்டியில் உள்ள எம்.ஆர்.பி.யோடு ஒப்பிடட்டும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் வரி என்று தனியாகக் கேட்கக் கூடாது. பில்லில் வரி போட்டிருந்தால் கடையின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான கடை என்றால் அது 33 என்று தொடங்கும். பதிவு தேவைப்படாத சிறு கடைகளும் உண்டு. அந்த எண் இல்லாததால் மட்டும் அவற்றைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் எண் இல்லாத கடை ஜி.எஸ்.டி. வசூலிக்க முடியாது.

கடையை விட்டு இறங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மிக்ஸியின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லிலும் வாரன்ட்டி அட்டையிலும் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் சர்வீஸ் சென்டரில் முதல் தடங்கலே அதுதான். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால் அன்றே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

வாரன்ட்டி அட்டையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் ‘5 ஆண்டு வாரன்ட்டி’ என்றிருக்கும். அட்டையைப் புரட்டினால் அந்த ஐந்தாண்டு மோட்டாருக்கு மட்டும், மற்றவற்றுக்கு இரண்டாண்டு, ஜாரின் ரப்பருக்கும் கப்ளருக்கும் ஒன்றும் இல்லை என்று இருக்கலாம். எது சேரும், எது சேராது, எதனால் வாரன்ட்டி ரத்தாகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பிள்ளை அட்டையிலிருந்தே விடை எடுக்கட்டும். வெளி மெக்கானிக் பிரித்தாலோ, ஓட்டலில் பயன்படுத்தினாலோ ரத்து என்ற விதி பெரும்பாலும் இருக்கும். இலவசப் பழுதுபார்ப்பு என்றால் உதிரிபாகத்துக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்றும் தேட வேண்டும்.

திருப்பிக் கொடுப்பதில்தான் இளைஞர்கள் அதிகம் குழம்புகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் மலிவு என்பதற்காகப் பொருளைத் திருப்பி வாங்கக் கடைக்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது அந்தக் கடையின் கொள்கை. பழுதான பொருள் என்றால் கதை வேறு. பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பேசாமல் திரும்பிவிட வேண்டாம்.

பழுது வந்தால் வாய்ப்பேச்சோடு நிற்கக் கூடாது. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் வாங்க வேண்டும். அதில் பழுது என்ன என்பதும் தேதியும் இருக்க வேண்டும். வாரன்ட்டி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கொடுத்த மிக்ஸிக்கு, கெடு தாண்டிய பிறகு “இனி காசு கட்டணும்” என்று சொன்னால், காப்பாற்றுவது அந்தத் தேதிதான்.

அப்படியும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே கிடைப்பது சமரச முயற்சி, தீர்ப்பு அல்ல. தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். e-jagriti.gov.in தளத்திலும் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கடை சென்னையில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்குவதற்கும் முதல் ஜாப் ஷீட்டின் தேதி உதவும்.