தமிழ் வகுப்பில் சேர்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி, வாடகைக்கு எடுத்த ஒரு அரசுப் பள்ளிக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். மாணவர் சேர்க்கை சில வருடங்களாக என் பொறுப்பு. கட்டணம், நேரம், இடம் மூன்றையும் போட்டு 'பதிவு தொடங்கிவிட்டது' என்று அறிவிப்பது சுலபம். வரும் பிள்ளையை எந்த நிலையில் உட்கார வைப்பது என்பதில்தான் தலைவலி.

'உங்கள் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமா?' என்று கேட்டால் எல்லாப் பெற்றோரும் 'தெரியும்' என்றுதான் எழுதுவார்கள். பொய்யில்லை. அவர்கள் தமிழில் சொல்வது பிள்ளைக்குப் புரிகிறது, அது ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது, வீடு நடக்கிறது. அதனால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டோம்: 'ஊரிலிருந்து பாட்டி போனில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், பிள்ளை எந்த மொழியில், எத்தனை சொல்லில் பதில் சொல்லும்?' இதற்கு மட்டும் பெற்றோர் யோசித்து எழுதுகிறார்கள். 'தோசை என்று ஒரு சொல். மீதி ஆங்கிலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது எழுத்து. ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு அவன் அம்மா நிலை 3 கேட்டிருந்தார். வீட்டில் 247 எழுத்தும் முடித்தாயிற்று என்றார். உட்கார்ந்ததும் பையன் க, கா, கி, கீ என்று மூச்சுவிடாமல் கௌ வரை சொன்னான். நான் 'மு' என்று எழுதிய அட்டையைத் தனியாகக் காட்டினேன். உதட்டுக்குள் ம, மா, மி, மீ என்று எண்ணிக்கொண்டு வந்து 'மு' என்றான். 'டூ' காட்டியபோது நின்றுவிட்டான். 'கொடி' என்ற சொல்லில் முதலில் 'கெ' என்று படித்துவிட்டு, பின்னால் வந்த காலை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரிந்தது வரிசை. எழுத்து இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடங்களும் இவைதான். கா, சா, மா என்று கால் எங்கும் ஒரே மாதிரி நிற்கும். உகரம் அப்படியில்லை; கு, சு, டு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். கொ, கோ இரண்டிலும் குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கும். அதனால் நாங்கள் வரிசை கேட்பதில்லை. கலைத்துப் போட்ட எட்டு அட்டைகள், இரண்டு சிறு சொற்கள், சொல்லச் சொல்ல எழுத ஒரு சொல், இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, அந்தப் பையனை எங்கே போடுவது? எழுத்தை மட்டும் பார்த்தால் நிலை 1. ஆனால் அங்கே இருப்பவர்கள் ஆறு வயதுக்காரர்கள். ஒன்பது வயதுப் பையன் அவர்களோடு அணில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் 'எனக்கு வேண்டாம்' என்று காரிலிருந்தே இறங்க மாட்டான். பேச்சோ அவனுக்கு நன்றாக வந்தது. அதனால் நிலை 2-இல் சேர்த்து, எழுத்துப் பயிற்சியை வீட்டில் தினமும் பத்து நிமிடம் என்று அம்மாவிடம் ஒப்படைத்தோம். அட்டைகளைக் கலைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. பேச்சும் வராமல் எழுத்தும் வராமல் வரும் பெரிய பிள்ளைகளுக்கு இது சரிப்படாது. அவர்களுக்கென்று தனித் தொடக்க வகுப்பு இருக்கிறதா என்று பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணுக்காக எட்டாம் வகுப்பில் முதன்முறையாகக் கொண்டுவந்து சேர்ப்பவர்களும் உண்டு. வார இறுதித் தமிழ்ப் படிப்பை மொழிப் பாடமாக ஏற்பதா என்று முடிவு செய்வது உங்கள் பள்ளி மாவட்டம். தமிழ்ப் பள்ளிக்காரர் வாய்வார்த்தை அங்கே செல்லாது. பணம் கட்டுமுன் பள்ளி ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவைக் கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்குகிறோம். ஜூன், ஜூலையில் பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடுகின்றன. ஆகஸ்ட்டில் திரும்பி வந்து கேட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். வகுப்பறை காலியாகவே இருக்கலாம், ஆசிரியர் இருக்க மாட்டார். ஒரு பெற்றோர் உதவிக்கு வந்தாலும் கைரேகைச் சரிபார்ப்பு முடியாமல் வகுப்பில் நிற்க விட முடியாது, அதற்கு நாள் பிடிக்கும். சொல்லிக்கொடுக்க விருப்பமிருந்தால் பிள்ளையின் படிவத்தோடு அதையும் எழுதிவிடுங்கள். 'நிலை' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அனுப்புங்கள், பிள்ளையைப் பார்த்துவிட்டு நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்.