அவசரக்காரர் யார்?

புள்ளியியல் படிப்பவன் என்ற ஒரே குற்றத்துக்காக, சென்ற பருவத்தின் இறுதியில் எங்கள் விடுதி உணவுக் குழு என் தலையில் ஒரு வேலையைச் சுமத்தியது. இணையவழி வினாப்பட்டியல் ஒன்றை அனுப்பி, சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று மாணவரைக் கேட்க வேண்டும். நூற்றுக்கு 55 பேரோ அதற்கு மேலோ நிறைவு என்றால் அதே ஒப்பந்தக்காரர் மேலும் ஓராண்டு நீடிப்பார். குறைந்தால் புதியவர் வருவார். சாம்பார் என்ற பெயரில் எங்களுக்கு ஊற்றப்படுவதைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் அதை இங்கே சொல்லப் போவதில்லை. விடைகளைத் துப்புரவு செய்யப் புகுந்து நான் சறுக்கிய கதையைத்தான் சொல்ல வருகிறேன். நம்மில் பலர் ஆய்வேட்டுக்காக இத்தகைய படிவங்களை அனுப்புகிறவர்கள் அல்லவா?

வந்து சேர்ந்த விடைகள் 406. பேருந்துக்கு நின்றுகொண்டே கண்ணை மூடிக் குத்தியவர், இரண்டு முறை அனுப்பியவர், வினாவைப் படியாமலே விடை தந்தவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். அவர்களைக் களைய வேண்டும். இதற்கு வழக்கத்தில் உள்ள எளிய விதி, எல்லாருடைய நேரத்துக்கும் இடைநிலை அளவைக் கண்டு, அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் முடித்தவரை நீக்குவது. சராசரியை எடுக்கலாகாது. படிவத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய், இரண்டு மணி நேரம் கழித்து வந்து அனுப்பியவர் சிலர் இருந்தால் போதும், சராசரி எங்கோ போய் நின்றுவிடும்.

இரட்டைப் பதிவுகளை முதலில் பார்த்தேன். ஐ.பி. முகவரி ஒன்றாக இருந்தால் ஆள் ஒருவரே என்று கொள்ளலாம் எனச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பார்த்தபோது ஒரே முகவரியிலிருந்து 37 விடைகள் வந்திருந்தன! ஒரே ஆள் 37 முறை அனுப்பவில்லை. விடுதியின் கம்பியில்லா இணைப்பு முழுவதும் ஒரே பொது முகவரி வழியாக வெளியே போகிறது, அவ்வளவுதான். அந்த விதியைக் கைக்கொண்டிருந்தால் விடுதிவாசிகளையே கூட்டம் கூட்டமாக நீக்கியிருப்பேன். நல்லவேளையாக ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறியீட்டெண் கொடுத்திருந்தேன். ஆறு எண்கள் இருமுறை வந்திருந்தன. முழுமையாக நிரப்பிய முதல் விடையை வைத்துக்கொள்வது என்பதை முன்பே எழுதி வைத்திருந்தேன். எந்த விடையை வைப்பது என்று விடையைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், நம்மையறியாமலே நமக்குப் பிடித்ததன் பக்கம் கை போகும். எஞ்சியவை 400. அவற்றில் நிறைவு என்றவர் 200. சரியாக நூற்றுக்கு 50.

அடுத்தது வேகம். எல்லாருடைய நேரத்துக்கும் இடைநிலை 320 நொடி, பாதி 160. அதற்குக் கீழே 67 பேர். நீக்கினேன். எஞ்சிய 333 பேரில் 185 பேர் நிறைவு என்றிருந்தனர். கணக்குப் போட்டால் 55.6! ஒப்பந்தக்காரர் பிழைத்துக்கொண்டார்.

கணக்கில் பிழையில்லை. ஆயினும் மனம் ஒப்பவில்லை. அக்கறையின்றிக் குத்துகிறவர் இப்படியும் அப்படியுமாகத்தானே குத்துவார்? அவரை நீக்கினால் முடிவு ஒரே பக்கமாக ஐந்து விழுக்காட்டுக்கு மேல் நகர்வானேன்? நீக்கியவர்களின் விடைகளைத் தனியே எடுத்துப் பார்த்தேன். 67 பேரில் நிறைவு என்றவர் 15 பேர்தாம். அந்த 67 பேரில் 58 பேர், உணவகத்தில் எப்போதாவது மட்டும் சாப்பிடுகிறவர்கள்!

அப்போதுதான் விளங்கிற்று. வாரத்தில் ஐந்து வேளைக்கும் குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு, அன்றாட உணவைப் பற்றிய 18 வினாக்களைப் படிவம் தானே தாண்டிவிடும். அவர் பார்ப்பது 12 வினா. மற்றவர் பார்ப்பது 30. அந்த நூறு பேரின் இடைநிலை நேரம் 150 நொடி, அதாவது வினாவுக்குப் பன்னிரண்டரை நொடி. முழுப் படிவத்தையும் நிரப்பிய முந்நூறு பேருக்கு 360 நொடி; வினாவுக்குப் பன்னிரண்டு. சாப்பாடு பிடிக்காமல் வெளியே போய்ச் சாப்பிடுகிறவர் உண்மையில் சற்று நிதானமாகவே விடை எழுதியிருக்கிறார். பாதை குறுகியது என்பதற்காக அவரை அவசரக்காரர் பட்டியலில் சேர்த்தது என் விதி.

ஆகவே அளவுகோலைப் பாதைக்குப் பாதை தனியாக வைத்தேன். R மொழியில் இரண்டே வரி:

```
m <- ave(d$seconds, d$path, FUN = median)
d$fast <- d$seconds < 0.5 * m
```

இங்கே எவரையும் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்; அடையாளம் மட்டும் இடுகிறோம். நீண்ட பாதைக்கு எல்லை 180 நொடி, குறுகியதற்கு 75. அடையாளம் பெற்றவர் முறையே 11 பேரும் 4 பேரும். இந்தப் பதினைவரில் நிறைவு என்றவர் 8 பேர். இவர்களை விட்டுப் பார்த்தால் 385 பேரில் 192, நூற்றுக்கு 49.9. முடிவு ஏறக்குறைய அசையவில்லை.

கவனச் சோதனை வினாவில் இதைவிடப் பெரிய குழி காத்திருந்தது. ஒரு நீண்ட பத்தியைக் கொடுத்து, அதன் கடைசியில் "மேலே கேட்டதை விட்டுவிட்டு 'எதுவுமில்லை' என்பதைக் குறியிடுக" என்று சொல்லும் வகை அது. ஓப்பன்ஹைமரும் அவருடைய தோழர்களும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இவ்வகை பரவலாயிற்று. அதை நான் அந்தப் 18 வினாக்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். எனவே குறுகிய பாதையில் வந்த நூறு பேரும் அதைக் கண்ணால்கூடக் காணவில்லை. அவர்களுக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். "சரியான விடை தராதவரை நீக்கு" என்று எழுதியிருந்தால் நூறு பேரும் போயிருப்பார்கள். நிறைவு நூற்றுக்கு 60 ஆகியிருக்கும்! கேளாத வினாவுக்கு விடையின்மை வேறு, கேட்டும் தவறுவது வேறு.

வினாவைக் கண்ட முந்நூறு பேரில் தவறியவர் 24. அவர்களில் முதலாண்டு மாணவர் 15. முந்நூற்றில் முதலாண்டினர் நூறு பேர்தாம் என்பதால், அவர்களில் நூற்றுக்கு 15 பேர் தவறினர். மூத்தவர் இருநூறு பேரில் தவறியவர் 9 பேர். வினாப்பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்து அப்போதுதான் வந்த ஒருவர், அந்த நீண்ட பத்தியில் தட்டுத் தடுமாறியதைக் கவனமின்மை என்று எப்படிச் சொல்வது? நானே முதலாண்டில் அப்படித் தடுமாறியவன்தான். பெரின்ஸ்கி முதலியோர் 2014இல் எழுதிய கட்டுரையும் இத்தகைய வினாவில் தேறுவதற்கும் ஒருவருடைய வயது முதலிய இயல்புகளுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டி, ஒரே வினாவை நம்பாமல் பல வினாக்களை வைக்கச் சொல்கிறது. இப்போது எழுதினால் ஒரே வரியில், எல்லாரும் காணும் இடங்களில், இரண்டு மூன்று வைப்பேன்.

காலம் கடந்துவிட்டதால் அன்று செய்தது இது. வேகம், கவன வினா, தொடர்ந்து ஒரே கட்டத்தில் குறியிடுதல் ஆகிய மூன்றில் இரண்டு அடையாளங்களாவது உள்ளவரை மட்டும் விலக்கினேன். அப்படி அகப்பட்டவர் ஏழு பேர். அவர்களில் நிறைவு என்றவர் நால்வர். 393 பேரில் 196, மீண்டும் 49.9. மூன்றாவது அடையாளத்தைத் தனியே நம்பவில்லை. எதுவுமே பிடிக்காதவர் எல்லாவற்றுக்கும் "பிடிக்கவில்லை" என்று குறியிட்டால் அது நேர்மையான விடைதானே? எதிர்மாறாகக் கேட்ட வினாவுக்கும் அதே கட்டத்தைக் குறியிட்டிருந்தால்தான் ஐயம் வரும். இந்த விதிகள் எல்லாம் முதல் முடிவைப் பார்த்த பிறகு திருத்தியவை என்பது ஒரு குறை. அதை அறிக்கையிலும் எழுதினேன்.

குழுவிடம் கொடுத்த தாளில் நான்கு வரிகள் இருந்தன: எவரையும் நீக்காமல் 50.0, இரண்டு அடையாளம் உள்ளவரை நீக்கினால் 49.9, பாதைவாரி வேகத்தால் மட்டும் நீக்கினால் 49.9, பொது வேக விதியால் நீக்கினால் 55.6. கடைசி வரி ஏன் தனித்து நிற்கிறது என்று செயலாளர் கேட்டார். அந்த 58 பேரின் விடைத்தாள்களை எடுத்து அவர் முன் வைத்தேன்.