கழிக்காத தேய்மானமும் கழிந்ததுதான்

கேள்வி: ஐயா, நானும் என் மைத்துனரும் பங்குதாரர்களாக முடிச்சூர் சாலையில் கார் சர்வீஸ் ஒர்க்‌ஷாப் நடத்துகிறோம். 2021 செப்டம்பரில் வீல் அலைன்மென்ட் மெஷினும் இரண்டு லிஃப்டும் ஜி.எஸ்.டி. நீங்கலாக 8 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். அவற்றைப் பொருத்தி, நவம்பர் 20 அன்றுதான் கடை திறந்தோம். அதே மாதம் புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரஸர் ஒன்றை 40,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினோம். முதல் மூன்று ஆண்டுகள் விற்றுமுதலில் 8 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டினோம். தேய்மானக் கணக்கு எதுவும் எழுதவில்லை. 2024-25-இல் லாபம் குறைந்ததால் முறையான கணக்குக்கு மாறி, முழு 8,40,000 ரூபாய்க்கும் 15 சதவீதம், அதாவது 1,26,000 ரூபாய், தேய்மானம் கழித்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் புகுந்து அலைன்மென்ட் மெஷின் பழுதாகிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லை. அதை 2025 ஜூனில் 40,000 ரூபாய்க்குப் பழைய இரும்புக்குப் போட்டோம். டிசம்பரில் 5 லட்சத்துக்குப் புது மெஷின் வாங்கி ஓட்டுகிறோம். வங்கி இப்போது ஆண்டுவாரியான தேய்மானப் பட்டியல் கேட்கிறது. விடுபட்ட மூன்று ஆண்டுத் தேய்மானத்தைச் சேர்த்து எடுக்கலாமா? வெள்ளத்தில் போன மெஷினை நஷ்டமாக எழுதலாமா?

— ஒரு வாசகர், மேற்குத் தாம்பரம்

பதில்: இரண்டுமே முடியாது. 2024-25-இல் நீங்கள் கழித்த 1,26,000 ரூபாயும் தவறு. ஆனால் மூன்றையும் சரிசெய்ய வழி இருக்கிறது. முதலில் பட்டியலைச் சரியாக எழுதிவிடுவோம். அது சரியானால் மற்றவை தானாக விளங்கும்.

விடுபட்ட ஆண்டுகள்

தேய்மானம் கேட்டால்தான் கழியும், கேட்காவிட்டால் மதிப்பு அப்படியே நிற்கும் என்பது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. தேய்மானம் கோருவது வரி கட்டுபவரின் விருப்பம் என்று மகேந்திரா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் வருமான வரிச் சட்டம் 32-ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. கோரினாலும் கோராவிட்டாலும் தேய்மானம் கழிந்தே தீரும் என்பது அதன் சாரம்.

உங்கள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு இன்னும் நேரடியான விதி உண்டு. 8 சதவீத உத்தேச லாபத் திட்டம் 44ஏடி பிரிவில் வருகிறது. அதில் வரி கட்டிய ஒவ்வோர் ஆண்டும் தேய்மானம் கோரி, கிடைத்துவிட்டதாகவே கொண்டு சொத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அந்த 8 சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிட்டது என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. எனவே நீங்கள் பட்டியல் எழுதாத மூன்று ஆண்டுகளிலும் மதிப்பு குறைந்துகொண்டேதான் வந்தது. அந்தத் தொகையை இப்போது மொத்தமாகக் கேட்டால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

எந்த விலையில் தொடங்குவது?

லிஃப்ட், அலைன்மென்ட் மெஷின், கம்ப்ரஸர் எல்லாமே 15 சதவீத விகிதத்தில் வரும் இயந்திரங்கள். சட்டம் இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே தொகுப்பாகப் பார்க்கிறது. ஆடிட்டர்கள் ‘பிளாக்’ என்பது இதைத்தான்.

இந்த பிளாக்கில் கம்ப்ரஸரின் 40,000 ரூபாய் சேராது. ஒரு சொத்துக்காக ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகையை அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது என்று 43(1) பிரிவு சொல்கிறது. கம்ப்ரஸர் உங்கள் சொத்துதான். கடைக் கணக்கில் அது இருக்கும், ஆனால் வரிக் கணக்கில் அதன் விலை பூஜ்யம். உள்ளீட்டு வரியாக எடுத்த ஜி.எஸ்.டி.யையும் விலையில் சேர்க்கக் கூடாது. ஆகவே தொடக்கத் தொகை 8,00,000 ரூபாய்.

அடுத்தது தேதி. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குப் பாதி விகிதம்தான் கிடைக்கும். இங்கே பில் தேதியைப் பார்க்கக் கூடாது, பயன்பாட்டுக்கு வந்த தேதியைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பில் செப்டம்பரில் இருந்தாலும் வேலை தொடங்கியது நவம்பர் 20. அங்கிருந்து மார்ச் 31 வரை 132 நாட்கள். எனவே முதல் ஆண்டுக்கு 15 சதவீதம் கிடையாது; 7.5 சதவீதம்தான். லீப் வருடம் அல்லாத ஆண்டில் அக்டோபர் 3-க்குள் ஓடத் தொடங்கியிருந்தால் முழு விகிதம் கிடைத்திருக்கும்.

பட்டியல்

| நிதியாண்டு | தொடக்க மதிப்பு (ரூ.) | தேய்மானம் (ரூ.) | மீதி மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|
| 2021-22 | 8,00,000 | 60,000 | 7,40,000 |
| 2022-23 | 7,40,000 | 1,11,000 | 6,29,000 |
| 2023-24 | 6,29,000 | 94,350 | 5,34,650 |
| 2024-25 | 5,34,650 | 80,198 | 4,54,452 |

ஒவ்வோர் ஆண்டும் 15 சதவீதத்தை முந்தைய மீதியின் மேல் போட வேண்டும், வாங்கிய விலையின் மேல் போடக் கூடாது. 2022-23-இன் தேய்மானம் முதல் ஆண்டைவிடக் கூடியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதல் ஆண்டு பாதி விகிதம் என்பதால் அப்படி. அதன்பின் தொகை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே போகும். இறங்காமல் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், வாங்கிய விலையின் மேலேயே விகிதத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கடையில் கம்ப்யூட்டர் இருந்தால் அது 40 சதவீத பிளாக். மேஜை நாற்காலி 10 சதவீத பிளாக். ஒவ்வொன்றுக்கும் இதே போலத் தனிப் பட்டியல் வேண்டும். ஒரு பிளாக்கை இன்னொன்றோடு கலக்கக் கூடாது.

வெள்ளத்தில் போன மெஷின்

மெஷின் ஓடவில்லை, அதற்கு எப்படித் தேய்மானம் என்று உங்களுக்குத் தோன்றலாம். பிளாக்குக்குள் ஒருமுறை வந்துவிட்ட இயந்திரத்துக்குத் தனி அடையாளம் போய்விடுகிறது. அந்த ஓர் இயந்திரம் அந்த ஆண்டு ஓடியதா என்று தனியாகக் கேட்கத் தேவையில்லை என்று ஆஸ்வால் ஆக்ரோ மில்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் லிஃப்டுகள் ஓடிக்கொண்டிருந்தன, பிளாக் உயிரோடு இருந்தது. அதனால் 2023-24-இலும் 2024-25-இலும் முழு பிளாக்கின் மேலும் தேய்மானம் உண்டு.

அதே காரணத்தால்தான் மெஷினைத் தனியாக நஷ்டம் எழுதவும் முடியாது. சொத்து விற்றாலும் அழிந்தாலும், கையில் வந்த தொகையை மட்டும் பிளாக்கிலிருந்து கழிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பணம் வந்திருந்தால் அதையும் இப்படித்தான் கழித்திருப்போம். உங்களுக்கு வந்தது 40,000 ரூபாய் மட்டுமே. எனவே அழிந்த மெஷினின் எஞ்சிய மதிப்பு பிளாக்கிலேயே தங்கி, வரும் ஆண்டுகளில் 15 சதவீதமாகக் கழிந்துகொண்டிருக்கும். நஷ்டம் உங்களை விட்டுப் போய்விடவில்லை, தவணையில் வருகிறது.

2025-26 கணக்கு இப்படி அமையும். தொடக்கம் 4,54,452. அதில் 40,000 கழித்தால் 4,14,452. இதற்கு 15 சதவீதம் 62,168. புது மெஷின் டிசம்பரில் வந்ததால் 5,00,000-க்கு 7.5 சதவீதம், அதாவது 37,500. ஆண்டுத் தேய்மானம் மொத்தம் 99,668 ரூபாய். 2026 மார்ச் 31 அன்று மீதி மதிப்பு 8,14,784 ரூபாய். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் இந்தத் தொடர் அறுபடாது.

ஒரு எச்சரிக்கை. பிளாக்கில் உள்ள எல்லா இயந்திரத்தையும் ஒரே ஆண்டில் விற்றுவிட்டால் கதை மாறும். வந்த தொகை மீதி மதிப்பைவிடக் கூடுதலானால், 50-ஆம் பிரிவின்படி அந்தக் கூடுதல் குறுகிய கால மூலதன ஆதாயமாகிவிடும். 8 லட்சத்துக்கு வாங்கி 5 லட்சத்துக்கு விற்றவர் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வரித்துறை அவரிடம் ஆதாயத்துக்கு வரி கேட்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

2024-25-இல் கழித்திருக்க வேண்டியது 80,198 ரூபாய், கழித்தது 1,26,000. கூடுதலாக எடுத்தது 45,802 ரூபாய். நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் சுமார் 14,290 ரூபாய் வரி குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள். அந்த ஆண்டுக்கான திருத்திய ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதைத் தவறவிட்டிருந்தால் அப்டேட்டட் ரிட்டர்ன் போடுங்கள். குறைந்த வரியும் வட்டியும் கட்டுவதோடு, அவற்றின் மேல் கூடுதல் வரியும் உண்டு. 2026-27-க்குள் போட்டால் அது 25 சதவீதம். அடுத்த ஆண்டு 50 சதவீதம் ஆகிவிடும். நோட்டீஸ் வந்தபின் போனால் அபராதப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

உத்தேச லாபத் திட்டத்தை விட்டு 8 சதவீதத்துக்குக் குறைவாக லாபம் காட்டியிருப்பதால், 2024-25-க்கு வரித் தணிக்கை நடந்ததா என்றும் ஆடிட்டரிடம் கேளுங்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அந்தத் திட்டத்துக்குத் திரும்பவும் முடியாது.

கடைக் கணக்கில் 2024 ஏப்ரல் 1 அன்று இயந்திரங்களை 8 லட்சத்தில் எழுதியிருந்தால், அதை 5,34,650-க்குக் கொண்டுவாருங்கள். இடையிலுள்ள 2,65,350 ரூபாயை இரு பங்குதாரர்களின் முதல் கணக்கிலும் பங்கு விகிதப்படி குறைக்க வேண்டும். அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்டக் கூடாது. மைத்துனரும் அந்தப் பதிவில் கையெழுத்திடட்டும். நாளை பங்கு பிரியும் நிலை வந்தால் பழைய 8 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கு வராது.

வங்கிக்குக் கொடுக்கும் பட்டியலோடு செப்டம்பர் 2021 பில், மெஷின் பொருத்திய சான்று, நவம்பர் 20 அன்று போட்ட முதல் சர்வீஸ் பில், பழைய இரும்புக்கு விற்ற ரசீது ஆகியவற்றை இணையுங்கள். வங்கிக்கு ஒரு பட்டியல், வருமான வரிக்கு விளக்கமில்லாத வேறொரு பட்டியல் என்று கொடுக்காதீர்கள். இரண்டும் கம்ப்ரஸரால் மட்டுமே வேறுபட வேண்டும். அந்த ஒரு வேறுபாட்டையும் பட்டியலின் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.