இடிமழைக்கு முன் பம்பு மோட்டாரைப் பாருங்கள்: ஏப்ரல், மே மாதங்களுக்கான ஆலோசனை

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி ஓய்ந்துவிட்டது. இனி ஏப்ரலும் மேயும் பிற்பகல் இடிமழைக் காலம். பாலிக் பூலாவ் சரிவுகளில் டுரியான் பிஞ்சு பருத்துக்கொண்டிருக்கிறது. மழை நின்று நாலு நாள் காய்ந்தாலும் தண்ணீர் இறைத்தாக வேண்டும். செபராங் பிறையில் காய்கறிப் பாத்திக்கும் இறால் குளத்துக்கும் அதே கதைதான். மோட்டார் அதிகம் ஓடும் நாட்களும் மின்கம்பிமேல் கிளை முறிந்து விழும் நாட்களும் இப்போது ஒன்றாக வருகின்றன.

கிளை விழுந்து மின்சாரம் முழுதாக நின்றால் மோட்டாருக்குக் கேடில்லை. மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் அறுந்து, மற்ற இரண்டும் வந்துகொண்டிருந்தால்தான் ஆபத்து. கம்பத்தில் ஒரு ஃபியூஸ் போனாலும் இதுவே நடக்கும். இதைத்தான் வயர்மேன்கள் சிங்கிள் ஃபேசிங் என்கிறார்கள். கொட்டகையில் ஒரு விளக்கு எரியும், இன்னொன்று எரியாது. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நிற்காமல் ஓடும். சத்தம் மட்டும் கொஞ்சம் கரகரக்கும். தூரத்தில் இருப்பவருக்குக் கரன்ட் இருப்பதாகவே தோன்றும். நின்றிருந்த மோட்டாரை அந்த நேரத்தில் போட்டால் அது சுற்றாது. 'ம்ம்ம்' என்று உறுமி, முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்து மடங்கு இழுத்துக்கொண்டு நிற்கும். அப்போது உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள்.

“ஓவர்லோட் ரிலே இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5.5 கிலோவாட் மோட்டார், 400 வோல்ட், டெல்டா இணைப்பு, நேரடி ஸ்டார்ட்டர். பெயர்த்தகட்டில் 11 ஆம்பியர். ரிலேயையும் 11-ல் வைத்திருக்கிறார்கள். உங்கள் பம்பு அவ்வளவு கேட்பதில்லை, 8 ஆம்பியரில் ஓடுகிறது. ஒரு ஃபேஸ் போனதும் அதே தண்ணீரைத் தூக்க, மிச்சமுள்ள இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய 1.73 மடங்கு, அதாவது 13.8 ஆம்பியர் ஓடும். டெல்டாவில் இது மூன்று சுற்றுகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு, 9.2 ஆம்பியர், ஒரே சுற்றின்மேல் விழும். அந்தச் சுற்று தாங்க வேண்டியது 6.35 தான். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்த ஒரு சுற்றில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் சூடு. ரிலே பார்ப்பதோ கம்பியின் 13.8-ஐ, தன் அளவுக்கு 1.25 மடங்குதான். ஃபேஸ் இழப்பை உணராத சாதாரண ஓவர்லோட் ரிலே, இரண்டு கம்பியில் மட்டும் மின்னோட்டம் இருக்கும்போது 1.32 மடங்கு வந்தால்தான் விழ வேண்டும் என்கிறது ஐஇசி 60947-4-1 தரம். 1.25-க்கு அது விழாமலே இருக்கலாம், குற்றமில்லை. ஃபேஸ் இழப்பை உணரும் வகை 1.15 மடங்கிலேயே விழ வேண்டும். ஆகவே ஸ்டார்ட்டரில் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். பழையதானால் இந்த மாதமே மாற்றுங்கள். டயலைப் பெயர்த்தகட்டு அளவுக்குமேல் யாரோ திருகி வைத்திருந்தால் கீழே இறக்குங்கள்.

அடுத்தது ஃபேஸ் ஃபெயிலியர் ரிலே. இதை மாட்டியிருந்தும் மோட்டார் எரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்.

ஒன்று, ஓடும் மோட்டார் தானே போன ஃபேஸில் மின்னழுத்தத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்புகிறது. அது பலவேளை இயல்பான அளவில் 90 விழுக்காட்டுக்கும் மேலே இருக்கும். சுமை குறைந்தால் இன்னும் கூடும். 'ஃபேஸ் இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் பார்க்கிற மலிவான ரிலே அதைக் கண்டு ஏமாந்துவிடும். மூன்றுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அளக்கிற ரிலேதான் வேண்டும். அதன் அளவை வைக்குமுன் உங்கள் வரவில் இயல்பான ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று வயர்மேனை அளக்கச் சொல்லுங்கள். மூன்று ஜோடிகளுக்கு இடையே 402, 398, 388 வோல்ட் வந்தால் சராசரி 396; அதிலிருந்து அதிகம் விலகியது 8 வோல்ட், அதாவது 2 விழுக்காடு. அங்கே ரிலேயை 6 முதல் 8 விழுக்காட்டுக்குள் வைக்கலாம். 15-ல் வைத்தால் திரும்பி வரும் மின்னழுத்தத்தை அது கவனிக்காமல் போகலாம். 3-ல் வைத்தால் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் யாராவது எரிச்சலில் கம்பியைக் கட்டி அதை முடக்கிவிடுவார்கள். விழும் தாமதம் சில வினாடிகள் போதும்.

இரண்டாவது, ரிலே பார்க்கும் இடம். அது வரவுக் கம்பியில், கான்டாக்டருக்கு முன்னால் இருக்கும். கான்டாக்டரின் மூன்று முனைகளில் ஒன்று கருகி ஒட்டாமல் போனாலும், மோட்டார் டெர்மினலில் ஒரு கம்பி தளர்ந்தாலும், ரிலேயைப் பொறுத்தவரை மூன்று ஃபேஸும் நலமே. ஈரமும் எறும்பும் புகும் தோட்டத்துப் பெட்டியில் இது அபூர்வம் அல்ல. அதனால்தான் மின்னழுத்தத்தைப் பார்க்கும் ரிலேயும், கான்டாக்டருக்குப் பின்னால் மின்னோட்டத்தைப் பார்க்கும், ஃபேஸ் இழப்பை உணரும் ஓவர்லோட் ரிலேயும் இரண்டுமே தேவை. மழைக்கு முன் மெயினை அணைத்து, கான்டாக்டரைத் திறந்து முனைகளைப் பாருங்கள். குழி விழுந்து கருத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை விட மாற்றுவதே மேல்.

இந்த வேலைகளைச் செய்ய வேண்டியவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற, மூன்று ஃபேஸ் வேலைக்கு அனுமதியுள்ள வயர்மேன். அவர் வந்திருக்கும்போதே ஓடும் மோட்டாரின் மூன்று கம்பியிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, மூன்று எண்களையும் தேதியோடு பெட்டிக் கதவின் உட்புறம் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மின்னழுத்தத்தில் 2 விழுக்காடு ஏற்றத்தாழ்வு இருந்தாலே மின்னோட்டத்தில் 12 முதல் 20 விழுக்காடு வேறுபாடு வரலாம் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

தமிழ்நாட்டு உறவினர்கள் சிலர், இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவார்கள். அதையே இங்கும் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள். இல்லாத ஃபேஸை அது இருப்பதுபோல் காட்டுவதால், இத்தனை செலவில் போட்ட ரிலேயையும் அது குருடாக்கும்.

மோட்டார் ஏற்கெனவே எரிந்திருந்தால், ரீவைண்டிங் கடைக்காரர் பழைய கம்பியை உருவுமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டெல்டா மோட்டாரில் ஒரு ஃபேஸின் சுருள்கள் மட்டும் கருகி, மற்ற இரண்டும் புதிதுபோல் இருந்தால் சிங்கிள் ஃபேசிங் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு துருவ மோட்டாரில் அந்தக் கருமை சம இடைவெளியில் நான்கு இடத்தில் தெரியும். ஸ்டார் இணைப்பானால் தலைகீழ்: இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று தப்பியிருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருத்திருந்தால் அதிகச் சுமையையோ சுற்ற முடியாமல் இறுகிய பம்பையோ தேடுங்கள். ஒரே ஒரு இடத்தில் வெடித்தாற்போல் இருந்தால் இன்சுலேஷன் பழுதையோ மின்னலையோ சந்தேகிக்கலாம். காரணம் தெரியாமல் அதே பெட்டியில் புது மோட்டாரை மாட்டினால் அதுவும் எரியலாம்.

புயல் மழை விட்ட பிறகு ரிலே விழுந்திருந்தால், வரவில் மூன்று ஜோடி மின்னழுத்தமும் சரியாக உள்ளதா என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்று குறைந்திருந்தால் தெனாகா நேஷனலின் 15454-க்கு அழைத்து, 'ஒரு ஃபேஸ் இல்லை' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'கரன்ட் இல்லை' என்றால் வருகிற ஊழியர்கள் பக்கத்து வீட்டு விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவும் கூடும். மூன்றும் சீரான பின் மோட்டாரைப் போட்டு, ஓட்டத்தில் மூன்று கம்பியின் மின்னோட்டத்தையும் கதவில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். வரவு சரியாக இருந்தும் ஒரு கம்பியில் மட்டும் குறைந்தாலோ, எண் வராவிட்டாலோ, பழுது உங்கள் பெட்டிக்குள் அல்லது மோட்டார் கேபிளில் உள்ளது.